ஒரே விகித வருமான வரி: சுமை குறைவது யாருக்கு, கூடுவது யாருக்கு?

புது தில்லி: வருமான வரி அடுக்குகள் மாற்றியமைக்கப்படும் ஒவ்வொரு முறையும் ஒரு யோசனை தவறாமல் முன்வைக்கப்படுகிறது. பல அடுக்குகளையும் பல விகிதங்களையும் கைவிட்டு, பெரிய தொகை ஒன்றை வரி விலக்கு வரம்பாக நிர்ணயித்து, அதற்கு மேற்பட்ட வருவாய் முழுவதற்கும் ஒரே விகிதத்தில் வரி விதிக்கலாம் என்பதே அந்த யோசனை. இது எளிமையானது, எல்லோரையும் சமமாக நடத்துவது என்று அதை ஆதரிப்பவர்கள் கூறுகின்றனர். பணக்காரர்களுக்கு அளிக்கப்படும் சலுகை இது என்று எதிர்ப்பவர்கள் சாடுகின்றனர்.

எண்களை வைத்துக் கணக்கிட்டுப் பார்த்தால் இரு தரப்பின் வாதமும் பாதி மட்டுமே சரி என்பது தெரியவருகிறது. ஒரே விகித வரியின் சுமை யார் மீது விழும் என்பதை அந்த விகிதம் தனியாகத் தீர்மானிப்பதில்லை. விலக்கு வரம்பு எங்கே வைக்கப்படுகிறது என்பதும், அரசு தன் வருவாயை இழக்கத் தயாராக உள்ளதா என்பதும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன. அரசின் வருவாய் குறையக் கூடாது என்று நிபந்தனை விதித்தால், கூடுதல் சுமையைத் தாங்க வேண்டியவர்கள் பெரும்பாலும் நடுவில் இருப்பவர்களே.

இப்போதைய முறை

ஒப்பீட்டுக்கு, 2025 பிப்ரவரி 1-ஆம் தேதி தாக்கல் செய்யப்பட்ட மத்திய பட்ஜெட்டில் புதிய வரி முறைக்கு அறிவிக்கப்பட்ட அடுக்குகளை எடுத்துக்கொள்வோம். அதன்படி ரூ.4 லட்சம் வரை வரி இல்லை. அதற்கு மேல் ரூ.8 லட்சம் வரை 5 சதவீதம், ரூ.12 லட்சம் வரை 10 சதவீதம், ரூ.16 லட்சம் வரை 15 சதவீதம், ரூ.20 லட்சம் வரை 20 சதவீதம், ரூ.24 லட்சம் வரை 25 சதவீதம், அதற்கு மேல் 30 சதவீதம் என்று விகிதம் படிப்படியாக உயர்கிறது.

ஒருவரின் வருவாய் 30 சதவீத அடுக்கைத் தொட்டுவிட்டால் முழு வருவாய்க்கும் 30 சதவீதம் செலுத்த வேண்டும் என்று சிலர் கருதுகின்றனர். அது சரியன்று. ஒவ்வோர் அடுக்கிலும் விழும் தொகைக்கு மட்டுமே அந்த அடுக்கின் விகிதம் பொருந்தும். ரூ.24 லட்சம் வரி விதிப்புக்குரிய வருவாய் உள்ளவர் முதல் ரூ.4 லட்சத்துக்கு எதுவும் செலுத்துவதில்லை. அடுத்தடுத்த ஐந்து அடுக்குகளுக்கு முறையே ரூ.20 ஆயிரம், ரூ.40 ஆயிரம், ரூ.60 ஆயிரம், ரூ.80 ஆயிரம், ரூ.1 லட்சம் செலுத்துகிறார். மொத்தம் ரூ.3 லட்சம். அதாவது அவரது வருவாயில் 12.5 சதவீதம்.

இதனுடன் இன்னொரு சலுகையும் உள்ளது. வரி விதிப்புக்குரிய வருவாய் ரூ.12 லட்சத்தைத் தாண்டாதவர்களுக்கு, அடுக்குகளின்படி வரும் வரி முழுவதும், அதாவது அதிகபட்சம் ரூ.60 ஆயிரம் வரை, தள்ளுபடி செய்யப்படுகிறது. மாத ஊதியம் பெறுவோருக்கு ரூ.75 ஆயிரம் நிலையான கழிவும் உண்டு என்பதால் ரூ.12.75 லட்சம் வரை ஊதியம் பெறுபவர்கள் வரி செலுத்த வேண்டியதில்லை. கணக்கு எளிதாக இருக்க, இக்கட்டுரையில் உள்ள வருவாய்த் தொகைகள் அனைத்தும் கழிவுகள் போக மிஞ்சும் வரி விதிப்புக்குரிய வருவாயைக் குறிக்கின்றன. 4 சதவீத செஸ், ரூ.50 லட்சத்துக்கு மேற்பட்ட வருவாய்க்கான சர்சார்ஜ் ஆகியவை தனியாகக் குறிப்பிடப்படும் இடங்கள் தவிர மற்ற இடங்களில் சேர்க்கப்படவில்லை.

விகிதம் ஒன்று, சுமை ஒன்றல்ல

ஒரே விகித வரியில் ஏழைக்கும் பணக்காரருக்கும் ஒரே சுமை என்ற கருத்து பரவலாக உள்ளது. விலக்கு வரம்பு இல்லாவிட்டால் அது உண்மையாக இருந்திருக்கும். பெரிய விலக்கு வரம்பு இருக்கும்போது நிலைமை வேறு.

ரூ.12 லட்சம் வரை முழு விலக்கு, அதற்கு மேல் 20 சதவீதம் என்று ஒரு திட்டத்தை வைத்துக்கொள்வோம். ரூ.16 லட்சம் ஈட்டுபவர் ரூ.4 லட்சத்துக்கு மட்டும் வரி செலுத்துவார். தொகை ரூ.80 ஆயிரம். அவரது மொத்த வருவாயில் அது 5 சதவீதம். ரூ.24 லட்சம் ஈட்டுபவரின் வரி ரூ.2.40 லட்சம், அதாவது 10 சதவீதம். ரூ.48 லட்சம் ஈட்டுபவருக்கு 15 சதவீதம். ரூ.1 கோடி ஈட்டுபவருக்கு 17.6 சதவீதம். ரூ.5 கோடி ஈட்டுபவருக்கு 19.5 சதவீதம்.

சட்டத்தில் எழுதப்பட்ட விகிதம் ஒன்றே ஆனாலும், மொத்த வருவாயில் வரியின் பங்கு வருவாயுடன் சேர்ந்து உயர்ந்துகொண்டே போகிறது. விலக்கு வரம்பு எல்லோருக்கும் ஒரே தொகை என்பதும், சிறிய வருவாயில் அது பெரும் பங்கு, பெரிய வருவாயில் அது அற்பப் பங்கு என்பதுமே இதற்குக் காரணம். எனவே, பெரிய விலக்கு வரம்புடன் கூடிய ஒரே விகித வரியும் ஒரு வகையில் படிநிலை வரியே.

ஆனால் இந்த உயர்வு 20 சதவீதத்தைத் தாண்டாது. ரூ.24 லட்சத்துக்கும் ரூ.48 லட்சத்துக்கும் இடையே 5 சதவீதப் புள்ளிகள் உயரும் சுமை, ரூ.1 கோடிக்கும் ரூ.5 கோடிக்கும் இடையே 2 புள்ளிகள் மட்டுமே உயர்கிறது. இப்போதைய அடுக்கு முறையில் இதே வருவாய்களுக்குச் சுமை ரூ.16 லட்சத்தில் 7.5 சதவீதம், ரூ.24 லட்சத்தில் 12.5 சதவீதம், ரூ.48 லட்சத்தில் 21.25 சதவீதம், ரூ.1 கோடியில் 25.8 சதவீதம், ரூ.5 கோடியில் 29.2 சதவீதம்.

இரண்டு வரிசைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இந்த 20 சதவீதத் திட்டத்தில் எல்லோருக்கும் வரி குறைகிறது. ரூ.16 லட்சம் ஈட்டுபவருக்கு ரூ.40 ஆயிரம் மிச்சம். ரூ.24 லட்சம் ஈட்டுபவருக்கு ரூ.60 ஆயிரம். ரூ.1 கோடி ஈட்டுபவருக்கு ரூ.8.20 லட்சம். ரூ.5 கோடி ஈட்டுபவருக்கு ரூ.48.20 லட்சம். முதல் இருவருக்கும் கிடைக்கும் மிச்சம் அவர்களின் வருவாயில் 2.5 சதவீதம். கடைசி நபருக்கு அது 9.6 சதவீதம்.

எல்லோருக்கும் வரி குறையும் திட்டம் என்றால் அந்தக் குறைவை ஈடுசெய்வது யார் என்ற கேள்வி எழுகிறது. 2025 பட்ஜெட்டில் அடுக்குகளை மாற்றியதாலேயே நேரடி வரிகளில் சுமார் ரூ.1 லட்சம் கோடி வருவாயை விட்டுக்கொடுப்பதாக மத்திய அரசு தெரிவித்தது. அதற்கு மேலும் இழப்பு ஏற்படும் திட்டத்தை ஏற்பதானால் செலவைக் குறைக்க வேண்டும், கடன் வாங்க வேண்டும் அல்லது ஜிஎஸ்டி போன்ற மறைமுக வரிகளை உயர்த்த வேண்டும். ஆகவே, நியாயமான ஒப்பீடு என்பது இரண்டு முறைகளிலும் அரசுக்குக் கிடைக்கும் மொத்தத் தொகை ஒன்றாக இருக்கும்போதுதான் சாத்தியம்.

பத்துப் பேரை வைத்து ஒரு கணக்கு

இதைப் புரிந்துகொள்ள, பத்து வரி செலுத்துவோர் மட்டுமே உள்ள ஒரு சிறிய நாட்டைக் கற்பனை செய்துகொள்வோம். ஆறு பேருக்குத் தலா ரூ.16 லட்சம் வருவாய். மூவருக்குத் தலா ரூ.24 லட்சம். ஒருவருக்கு ரூ.1 கோடி. இந்திய அடுக்குகளின்படி இவர்கள் செலுத்தும் வரி முறையே தலா ரூ.1.20 லட்சம், தலா ரூ.3 லட்சம், ரூ.25.80 லட்சம். அரசுக்குக் கிடைப்பது மொத்தம் ரூ.42 லட்சம்.

இப்போது அடுக்குகளை நீக்கி, ரூ.12 லட்சம் வரை எல்லோருக்கும் முழு விலக்கு அளிப்போம். வரி விதிக்கக்கூடிய தொகை, ஆறு பேரிடம் மொத்தம் ரூ.24 லட்சம், மூவரிடம் ரூ.36 லட்சம், கடைசி ஒருவரிடம் ரூ.88 லட்சம். கூட்டினால் ரூ.1.48 கோடி. இதிலிருந்து அதே ரூ.42 லட்சத்தைத் திரட்ட வேண்டுமானால் ஒரே விகிதம் 20 சதவீதமாக இருக்க முடியாது. அது ஏறத்தாழ 28.4 சதவீதமாக இருக்க வேண்டும்.

அந்த விகிதத்தில் ரூ.16 லட்சம் ஈட்டுபவரின் வரி சுமார் ரூ.1.13 லட்சம் ஆகிறது. அவருக்கு ஏறத்தாழ ரூ.6,500 மிச்சம். ரூ.1 கோடி ஈட்டுபவரின் வரி சுமார் ரூ.24.97 லட்சமாகக் குறைகிறது. அவருக்கு ஏறத்தாழ ரூ.83 ஆயிரம் மிச்சம். நடுவில் உள்ள மூவரின் வரி ரூ.3 லட்சத்திலிருந்து சுமார் ரூ.3.40 லட்சமாக உயர்கிறது. ஒவ்வொருவரும் ஏறத்தாழ ரூ.40,500 கூடுதலாகச் செலுத்துகின்றனர். கீழே உள்ள ஆறு பேருக்கும் மேலே உள்ள ஒருவருக்கும் கிடைத்த சலுகை முழுவதும் நடுவில் உள்ள மூவரின் பையிலிருந்து வந்திருக்கிறது.

இதற்கான காரணம் அடுக்குகளின் அமைப்பில் உள்ளது. ரூ.12 லட்சத்துக்கும் ரூ.24 லட்சத்துக்கும் இடைப்பட்ட தொகைக்கு இப்போது 15, 20, 25 என்று சராசரியாக 20 சதவீத வரியே விதிக்கப்படுகிறது. ஒரே விகித முறையில் அந்தத் தொகைக்கும் 28.4 சதவீதம். நடுத்தட்டினரின் வருவாயில் பெரும் பங்கு இந்த இடைவெளியில்தான் உள்ளது. விலக்கால் அவர்களுக்கு ரூ.60 ஆயிரம் லாபம். ஆனால் இந்த இடைவெளியில் கூடும் வரி ஏறத்தாழ ரூ.1 லட்சம்.

வரம்பை நகர்த்தினால்

விலக்கு வரம்பை ரூ.12 லட்சத்திலிருந்து ரூ.14 லட்சமாக உயர்த்திப் பார்ப்போம். வரி விதிக்கக்கூடிய தொகை ரூ.1.28 கோடியாகச் சுருங்குகிறது. அதே ரூ.42 லட்சத்தைத் திரட்ட விகிதம் 32.8 சதவீதமாக உயர வேண்டும். அப்போது ரூ.16 லட்சம் ஈட்டுபவரின் வரி ரூ.65,625 ஆகக் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைகிறது. ரூ.1 கோடி ஈட்டுபவரின் வரி ரூ.28.22 லட்சமாக, இப்போதையதைவிட அதிகமாக உயர்கிறது. அதாவது ஒரே விகித வரி என்றாலே பணக்காரர்களுக்குச் சலுகை என்ற வாதம் இங்கே பொய்த்துப் போகிறது. ஆனால் ரூ.24 லட்சம் ஈட்டுபவர் இப்போதும் ரூ.28 ஆயிரம் கூடுதலாகச் செலுத்துகிறார்.

மறுபுறம், விகிதத்தைக் கவர்ச்சியாகக் காட்ட விலக்கு வரம்பை ரூ.8 லட்சமாகக் குறைத்தால் 22.3 சதவீதம் போதுமானது. அப்போது ரூ.1 கோடி ஈட்டுபவரின் வரி சுமார் ரூ.20.55 லட்சமாகக் குறைந்து அவருக்கு ரூ.5 லட்சத்துக்கு மேல் மிச்சமாகிறது. ரூ.16 லட்சம் ஈட்டுபவரின் வரி ரூ.1.20 லட்சத்திலிருந்து சுமார் ரூ.1.79 லட்சமாக உயர்கிறது. இது தவிர, இந்தக் கணக்கில் இடம்பெறாத, ஆண்டுக்கு ரூ.8 லட்சம் முதல் ரூ.12 லட்சம் வரை ஈட்டுவோர் இன்று எதுவும் செலுத்தாத நிலையிலிருந்து வரி செலுத்தும் நிலைக்குத் தள்ளப்படுவர். அவர்களிடம் திரட்டும் தொகையைக் கொண்டு விகிதத்தை இன்னும் சற்றுக் குறைக்கலாம். அந்தக் குறைப்பாலும் அதிகம் பயன்பெறுவது மேல்தட்டில் உள்ளவரே.

இதில் சர்சார்ஜையும் கணக்கில் கொள்ள வேண்டும். ரூ.50 லட்சத்தைத் தாண்டிய வருவாய் உள்ளவர்கள் வரியின் மீது 10 சதவீதமும், ரூ.1 கோடியைத் தாண்டியவர்கள் 15 சதவீதமும், புதிய முறையில் ரூ.2 கோடியைத் தாண்டியவர்கள் 25 சதவீதமும் சர்சார்ஜ் செலுத்துகின்றனர். ரூ.1 கோடி வருவாய்க்கு உண்மையில் ரூ.28.38 லட்சம் வரி என்பதே சரியான எண். அடுக்குகளோடு சர்சார்ஜும் நீக்கப்படும் என்றால் மேல்தட்டினருக்குக் கிடைக்கும் சலுகை மேலே கூறியதைவிடப் பெரியது.

ரூ.24 லட்சத்துக்கு மேல் ஏற்கெனவே ஒரே விகிதம்தான்

விவாதங்களில் பெரும்பாலும் கவனிக்கப்படாத ஓர் உண்மை இப்போதைய அடுக்குகளுக்குள்ளேயே இருக்கிறது. ரூ.24 லட்சம் ஈட்டுபவர் செலுத்தும் ரூ.3 லட்சம் என்பது ரூ.10 லட்சத்துக்கு 30 சதவீதம். எனவே, ரூ.14 லட்சம் வரை முழு விலக்கு அளித்து மீதிக்கு 30 சதவீத வரி விதித்தாலும் அவர் செலுத்துவது அதே ரூ.3 லட்சம். அதற்கு மேல் ஈட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் இரு முறைகளிலும் 30 காசு. ஆக, சர்சார்ஜை ஒதுக்கி வைத்தால், ரூ.24 லட்சத்துக்கு மேல் ஈட்டும் எவருக்கும் இப்போதைய ஏழு அடுக்கு முறையும் ரூ.14 லட்சம் விலக்குடன் கூடிய 30 சதவீத ஒரே விகித முறையும் ஒரு ரூபாய்கூட வேறுபடாது.

அப்படியானால் அடுக்குகள் எதற்கு? அவை வேறுபாட்டை உண்டாக்குவது ரூ.12 லட்சத்துக்கும் ரூ.24 லட்சத்துக்கும் இடைப்பட்டவர்களிடம் மட்டுமே. ரூ.14 லட்சம் ஈட்டுபவர் இன்று ரூ.90 ஆயிரம் செலுத்துகிறார். மேற்கண்ட ஒரே விகித முறையில் அவர் எதுவும் செலுத்த மாட்டார். ரூ.20 லட்சம் ஈட்டுபவருக்கு ரூ.2 லட்சத்துக்குப் பதில் ரூ.1.80 லட்சம். அதாவது இந்த ஏழு அடுக்குகளை 14 லட்சம்-30 சதவீதம் என்ற ஒரே விகிதமாக மாற்றுவது, நடுத்தட்டினருக்கு மட்டுமான வரிக் குறைப்பாக முடியும். அதே ஏழு அடுக்குகளை 12 லட்சம்-30 சதவீதம் என்று மாற்றினால் ரூ.24 லட்சத்துக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் சர்சார்ஜ் இல்லாமல் பார்த்தால் ரூ.60 ஆயிரம் கூடுதலாகச் செலுத்த வேண்டியிருக்கும். ரூ.1 கோடி ஈட்டுபவருக்கு அது பொருட்டல்ல. ரூ.24 லட்சம் ஈட்டுபவருக்கு அது வரியில் ஐந்தில் ஒரு பங்கு உயர்வு.

ரூ.12 லட்சம் என்ற விளிம்பு

ஒரே விகித முறையின் ஆதரவாளர்களுக்கு உண்மையான வலு சேர்க்கும் இடம் வேறொன்று உள்ளது. இப்போதைய ரூ.12 லட்சம் சலுகை விலக்கு வரம்பு அல்ல, தள்ளுபடி. வருவாய் ரூ.12 லட்சத்தைத் தாண்டியவுடன் தள்ளுபடி முழுவதும் பறிபோகிறது. ஒரு ரூபாய் கூடியதற்காக ரூ.60 ஆயிரம் வரி விழக் கூடாது என்பதற்காக மார்ஜினல் ரிலீஃப் என்ற சலுகை அளிக்கப்படுகிறது. அதன்படி, ரூ.12 லட்சத்துக்கு மேல் ஈட்டிய தொகையைவிட வரி அதிகமாக இருக்காது.

ரூ.12.50 லட்சம் ஈட்டுபவரை எடுத்துக்கொள்வோம். அடுக்குகளின்படி அவரது வரி ரூ.67,500. சலுகைக்குப் பின் அது ரூ.50 ஆயிரமாகக் குறைகிறது. அவர் கையில் மிஞ்சுவது ரூ.12 லட்சம். ரூ.12 லட்சம் ஈட்டிய சக ஊழியர் கையிலும் மிஞ்சுவது அதே ரூ.12 லட்சம். கூடுதலாகக் கிடைத்த ரூ.50 ஆயிரம் ஊதிய உயர்வு முழுவதும் வரியாகிவிட்டது. ஏறத்தாழ ரூ.12.70 லட்சம் வரை இதே நிலை நீடிக்கிறது. 4 சதவீத செஸ்ஸையும் சேர்த்தால் அவர் சக ஊழியரைவிடச் சற்றுக் குறைவாகவே வீட்டுக்கு எடுத்துச் செல்வார்.

ரூ.12 லட்சம் உண்மையான விலக்கு வரம்பாக இருந்தால் இந்த விளிம்பு இருக்காது. ரூ.12.50 லட்சம் ஈட்டுபவர், 30 சதவீத ஒரே விகிதத்தில்கூட, ரூ.50 ஆயிரத்துக்கு ரூ.15 ஆயிரம் மட்டுமே செலுத்துவார்.

அரசு ஏன் விலக்குக்குப் பதில் தள்ளுபடியைத் தேர்ந்தெடுத்தது என்பதையும் இதே கணக்கு விளக்குகிறது. தள்ளுபடி ரூ.12 லட்சத்துக்குக் கீழே உள்ளவர்களுக்கு மட்டும் கிடைக்கும். விலக்கு வரம்பு கோடீஸ்வரர் உட்பட எல்லோருக்கும் கிடைக்கும். அடுக்குகளை அப்படியே வைத்து முதல் ரூ.12 லட்சத்தை விலக்காக்கினால், வரம்பைத் தாண்டிய ஒவ்வொருவருக்கும் தலா ரூ.60 ஆயிரத்தை அரசு இழக்கும். தள்ளுபடி முறை செலவு குறைந்தது. அதற்கான விலையை விளிம்பில் நிற்பவர்கள் கொடுக்கின்றனர்.

எஸ்டோனியாவும் ரஷ்யாவும்

இந்தச் சிக்கல் ஒரே விகித முறையைப் பின்பற்றிய நாடுகளையும் விடவில்லை. பால்டிக் கடற்கரை நாடான எஸ்டோனியா 1994-ல் 26 சதவீத ஒரே விகித வருமான வரியைக் கொண்டுவந்தது. பின்னர் விகிதம் 20 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. குறைந்த ஊதியம் பெறுவோருக்கு உதவ 2018-ல் விலக்கு வரம்பு மாதம் 500 யூரோவாக உயர்த்தப்பட்டது. ஆனால் எல்லோருக்கும் அதை அளிக்க நிதி போதாது என்பதால், மாத ஊதியம் 1,200 யூரோவைத் தாண்டினால் விலக்கு படிப்படியாகக் குறைந்து 2,100 யூரோவில் முற்றிலும் மறையும் என்று விதி செய்யப்பட்டது.

விளைவு இதுதான்: அந்த இடைவெளியில் ஊதியம் 9 யூரோ உயர்ந்தால் விலக்கு 5 யூரோ குறையும். ஆகவே 14 யூரோவுக்கு வரி விழும். 20 சதவீதம் என்றால் 2.80 யூரோ. உயர்ந்த 9 யூரோவில் அது 31 சதவீதம். மாதம் 2,100 யூரோவுக்கு மேல் ஈட்டுபவர் கூடுதல் வருவாய்க்கு 20 சதவீதம் செலுத்த, அவரைவிடக் குறைவாக ஈட்டுபவர் 31 சதவீதம் செலுத்தினார். சட்டத்தில் ஒரே விகிதம் இருந்தும், நடைமுறையில் நடுத்தட்டினர் மீது ஒரு திமில்போல் சுமை எழுந்து நின்றது. எஸ்டோனியா 2026 முதல் ஊதிய அளவைப் பாராமல் எல்லோருக்கும் மாதம் 700 யூரோ விலக்கு என்ற முறைக்கு மாறியுள்ளது.

ரஷ்யா 2001-ல் 12, 20, 30 என்றிருந்த மூன்று விகிதங்களை நீக்கி 13 சதவீத ஒரே விகிதத்தைக் கொண்டுவந்தது. அதன் பின் வரி வசூல் கணிசமாக உயர்ந்தது. ஒரே விகிதத்துக்கு ஆதரவாக மிக அதிகம் எடுத்துக்காட்டப்படும் நாடு இதுவே. எனினும், அந்த வசூல் உயர்வை ஒரே விகிதத்தின் விளைவாகக் கொள்வதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று சர்வதேச நிதியத்தின் ஆய்வாளர்கள் 2005-ல் வெளியிட்ட ஆய்வில் முடிவு கூறினர். ரஷ்யா 2021-ல் பெரும் வருவாய்க்கு 15 சதவீத விகிதத்தைச் சேர்த்தது. 2025 முதல் 13 தொடங்கி 22 சதவீதம் வரை ஐந்து விகிதங்கள் அங்கு நடைமுறையில் உள்ளன.

எளிமை என்ற வாதம்

அடுக்குகளை நீக்கினால் வரி முறை எளிதாகும் என்பது ஒரே விகித முறையின் முக்கிய வாதம். அடுக்குகளைக் கொண்டு வரியைக் கணக்கிடுவது இன்று மென்பொருள் நொடியில் செய்யும் வேலை. வரிச் சட்டத்தின் சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. எது வருவாய், எந்தக் கழிவு செல்லும், எந்த வருவாய்க்குத் தனி விகிதம் என்ற கேள்விகளில்தான் தகராறுகள் எழுகின்றன.

பங்கு முதலீட்டு ஆதாயம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட பங்குகளை ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றால், ஆண்டுக்கு ரூ.1.25 லட்சத்துக்கு மேற்பட்ட ஆதாயத்துக்கு 12.5 சதவீத வரி. 2024 ஜூலை 23 முதல் இந்த விகிதம் அமலில் உள்ளது. விலக்கு வரம்பு ஒன்று, அதற்கு மேல் ஒரே விகிதம் என்பதுதான் இதன் அமைப்பு. அதாவது, பெருமளவு பங்குகளை வைத்திருக்கும் ஒருவருக்கு அந்த வருவாயைப் பொறுத்தவரை இந்தியாவில் ஒரே விகித வரி ஏற்கெனவே நடைமுறையில் உள்ளது. அதே தொகையை ஊதியமாகப் பெறுபவர் 30 சதவீதம் வரை செல்லும் அடுக்குகளைக் கடக்க வேண்டும். ஊதியத்துக்கும் ஆதாயத்துக்கும் இடையிலான இந்த வேறுபாடு தொடருமானால், ஊதியத்துக்கு மட்டும் ஒரே விகிதம் கொண்டுவருவதால் சட்டம் பெரிதாக எளிமையாகிவிடாது.

குடும்பத்தினர் பெயரில் வருவாயைப் பிரித்துக் காட்டும் போக்கும் ஒரே விகித முறையில் மறைந்துவிடாது. ஒருவர் பெயரில் ரூ.24 லட்சம் என்றால் 20 சதவீதத் திட்டத்தில் ரூ.2.40 லட்சம் வரி. கணவன், மனைவி இருவர் பெயரிலும் தலா ரூ.12 லட்சம் என்றால் வரியே இல்லை. விலக்கு வரம்பு பெரிதாகப் பெரிதாக இந்தத் தூண்டுதலும் பெரிதாகும். அதைத் தடுக்கும் விதிகளும் சட்டத்தில் தொடர வேண்டியிருக்கும்.

கேட்க வேண்டிய மூன்று எண்கள்

ஒரே விகித வரித் திட்டம் ஒன்றை யாரேனும் முன்வைத்தால், விகிதத்தை மட்டும் கேட்டு முடிவுக்கு வர இயலாது. மூன்று எண்கள் தேவை. முதலாவது, விலக்கு வரம்பு எவ்வளவு, அது தள்ளுபடியா அல்லது எல்லோருக்கும் உரிய விலக்கா என்பது. இரண்டாவது, இப்போதைய முறையுடன் ஒப்பிடும்போது அரசின் மொத்த வருவாய் எவ்வளவு மாறும் என்பது. குறையும் என்றால் அதை எந்த வரி அல்லது எந்தச் செலவுக் குறைப்பு ஈடுசெய்யும் என்பதும் இதில் அடங்கும். மூன்றாவது, நடுவில் உள்ள ஒருவரின், அதாவது ரூ.16 லட்சம் முதல் ரூ.30 லட்சம் வரை ஈட்டும் ஒருவரின் வரி எவ்வளவு மாறும் என்பது.

விலக்கு வரம்பும் குறைந்த விகிதமும் சேர்ந்து அறிவிக்கப்படும்போது இரண்டாவது எண் பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. அது சொல்லப்படும் திட்டங்களில் மூன்றாவது எண் உயர்ந்திருக்கிறதா என்பதை வாசகர்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். வருவாயிலிருந்து விலக்கு வரம்பைக் கழித்து, மீதியை விகிதத்தால் பெருக்கினால் போதும்.